எல்லாமே முக்கியம் என்று பதில் வந்தால் எதை முதலில் செய்வது? முதல்–கடைசித் தேர்வு முறைக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டுக்குள் சேவையில் என்னென்ன மாற்றம் செய்யலாம் என்று நிர்வாகக் குழு பதின்மூன்று யோசனைகளை எழுதி வைத்திருக்கிறது. கையில் இருக்கும் பணமும் ஆட்களும் மூன்று நான்கு யோசனைகளுக்குத்தான் காணும். எதை முதலில் எடுப்பது என்று உறுப்பினர்களிடம் கேட்கலாம் என முடிவாகிறது. வழக்கம்போல ஒரு படிவம் அச்சாகிறது. ஒவ்வொரு யோசனைக்கும் எதிரே 1 முதல் 5 வரை கட்டங்கள்.

படிவங்கள் திரும்பி வந்து சராசரி போட்டுப் பார்த்தால், பெரும்பாலும் எல்லா யோசனையும் நாலரையைச் சுற்றியே நிற்கும். ஒன்று 4.4, ஒன்று 4.6, இன்னொன்று 4.5. இதை வைத்து எந்தத் தீர்மானமும் எழுத முடியாது. குழுவில் யார் குரல் பெரிதோ அவர் விரும்பிய யோசனைதான் கடைசியில் நிறைவேறும்.

இது உறுப்பினர்களின் குற்றம் இல்லை. 5 போடுவதால் அவர்களுக்கு எந்த இழப்பும் கிடையாது. உரத்துக்கு 5 போட்டவர் பெஞ்சுக்கும் 5 போடலாம், விதைக்கும் போடலாம். எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லி அந்தப் படிவம் கேட்கவே இல்லை. அதோடு, சங்கத்தில் இருந்து ஒருவர் வீடு தேடி வந்து கேட்கும்போது, “இது எனக்கு வேண்டாம்” என்று முகத்துக்கு நேரே சொல்ல நம் ஊரில் பலருக்கு மனம் வராது. ஒருவர் தாராளமாக 5 போடுவார், இன்னொருவர் எதற்குமே 4ஐத் தாண்ட மாட்டார். இவர்களின் எண்களைக் கூட்டினால் யோசனைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு தெரியாது, மனிதர்களுக்கு இடையே உள்ள வேறுபாடுதான் தெரியும்.

பதின்மூன்றையும் வரிசைப்படுத்தச் சொன்னால் என்ன என்று தோன்றும். முதல் இரண்டையும் கடைசி இரண்டையும் எல்லோரும் யோசித்துத்தான் எழுதுவார்கள். நடுவில் உள்ள ஒன்பதுக்கு வரும்போது கை போன போக்கில் எண்கள் விழும்.

இந்தச் சிக்கலுக்கு வந்த வழிதான் முதல்–கடைசித் தேர்வு முறை. ஆய்வு நிறுவனங்கள் இதைப் பெஸ்ட்-வர்ஸ்ட் ஸ்கேலிங் என்றும் மேக்ஸ்டிஃப் என்றும் அழைக்கின்றன. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஜோர்டன் லூவியர் 1987இல் இதை வகுத்தார். ஆடம் ஃபின்னும் அவரும் சேர்ந்து உணவுப் பாதுகாப்புப் பற்றி 1992இல் வெளியிட்ட ஆய்வில் இது முதலில் அச்சேறியது. முறை எளிமையானது. ஒரே நேரத்தில் நான்கு யோசனைகளை மட்டும் காட்டி, அந்த நான்கில் முதலில் வேண்டியது எது, கடைசியாகச் செய்தால் போதும் என்பது எது என்று கேட்கிறோம். அடுத்து வேறு நான்கு, பிறகு இன்னொரு நான்கு. இப்படிக் கேட்டால் எல்லாவற்றுக்கும் 5 போட வழியே இல்லை. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட்டே ஆக வேண்டும்.

இதற்கென்று தனி மென்பொருள் இல்லாமல், தாளும் பேனாவும் சாதாரண விரிதாளும் வைத்துக்கொண்டு இதை முழுமையாகச் செய்து முடிக்கும் வழியைக் கீழே தருகிறேன்.

முதலில் பட்டியல்

அதிக உழைப்பு தேவைப்படுவது பட்டியலுக்குத்தான். பட்டியல் தப்பானால் அதற்குப் பின் செய்யும் எந்தக் கணக்கும் அதைச் சரிசெய்யாது. நம் சங்கத்தின் பட்டியல் இப்படி அமைகிறது என்று வைத்துக்கொள்வோம்:

1. உரத்துக்கான கோரிக்கையை முன்கூட்டியே அனுப்பி, நடவுக்கு இரண்டு வாரம் முன்பே யூரியா, டி.ஏ.பி. இருப்பு வைத்தல்
2. பயிர்க்கடன் மனுவுக்குப் பத்து நாளில் முடிவு சொல்லுதல்
3. நகைக்கடன் கவுண்டரை மதியத்துக்குப் பிறகும் திறந்து வைத்தல்
4. உரம் வந்த அன்றே செல்போனில் செய்தி அனுப்புதல்
5. காத்திருப்பவர்களுக்கு நிழல், பெஞ்சு, குடிநீர்
6. சங்கத்தின் ரேஷன் கடையில் முதியோருக்குத் தனி வரிசை
7. பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதியை இரண்டு வாரம் முன்பே தெரிவித்தல்
8. பவர் டில்லர் வாடகைக்குக் கொடுத்தல்
9. சான்று பெற்ற விதைநெல்லைச் சங்கத்திலேயே விற்றல்
10. கடன் நிலுவை விவரத்தை அச்சிட்ட சீட்டாகக் கொடுத்தல்
11. வாரத்தில் ஒரு நாள் இரவு 7 மணி வரை திறந்திருத்தல்
12. அறுவடை நேரத்தில் நெல் காயவைக்கத் தார்ப்பாய் வாடகைக்குக் கொடுத்தல்
13. மண் மாதிரியைச் சங்கத்திலேயே வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்புதல்

ஒவ்வொரு வரியும் குழு நினைத்தால் செய்யக்கூடிய ஒரு செயலாக இருப்பதைப் பாருங்கள். “கடனைத் தள்ளுபடி செய்தல்” என்று ஒரு வரி சேர்த்தால் எல்லோரும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். அது சங்கத்தின் கையில் இல்லை. அது இடம்பெறும் அட்டைகளில் மற்ற மூன்றில் எது முந்தும் என்பதும் தெரியாமல் போய்விடும். “சேவையை மேம்படுத்துதல்” போன்ற அகலமான வரியும் இதே கெடுதலைச் செய்யும். அதற்குள் எல்லாமே அடங்கிவிடுவதால் பெஞ்சோடு அதைப் போட்டிக்கு நிறுத்துவது நியாயமாகாது. சட்டப்படி செய்தே தீர வேண்டிய வேலைகளுக்கும் இந்தப் பட்டியலில் இடமில்லை. அவற்றை உறுப்பினர்கள் கடைசியில் வைத்தாலும் சங்கம் செய்துதான் ஆக வேண்டும்.

5ஆம் வரியில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒரே கூரையின் கீழ் ஒரே செலவில் வருபவை என்பதால் அவற்றைச் சேர்த்தே வைத்தேன். தனித்தனியாகச் செய்யும் எண்ணம் இருந்தால் தனித்தனி வரியாக்க வேண்டும். “விரைவாக” என்று எழுதாமல் “பத்து நாளில்” என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. ஒருவருக்கு விரைவு என்பது மூன்று நாள், இன்னொருவருக்கு ஒரு மாதம்.

பதின்மூன்று அட்டைகள்

எந்த நான்கை எந்த அட்டையில் சேர்ப்பது என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யக்கூடாது. அப்படிச் செய்தால் சில யோசனைகள் அதிகமுறை வரும், சில ஜோடிகள் சந்திக்கவே மாட்டா. பதின்மூன்று என்ற எண்ணுக்கு அருமையான ஓர் ஏற்பாடு இருக்கிறது. முதல் அட்டையில் 1, 2, 4, 10 என்று எழுதுங்கள். அடுத்த அட்டைக்கு ஒவ்வோர் எண்ணோடும் ஒன்று கூட்டுங்கள். 13ஐத் தாண்டினால் மீண்டும் 1இல் தொடங்குங்கள்.

```
அட்டை 1 :  1  2  4 10
அட்டை 2 :  2  3  5 11
அட்டை 3 :  3  4  6 12
அட்டை 4 :  4  5  7 13
அட்டை 5 :  5  6  8  1
அட்டை 6 :  6  7  9  2
அட்டை 7 :  7  8 10  3
அட்டை 8 :  8  9 11  4
அட்டை 9 :  9 10 12  5
அட்டை 10: 10 11 13  6
அட்டை 11: 11 12  1  7
அட்டை 12: 12 13  2  8
அட்டை 13: 13  1  3  9
```

ஒவ்வொரு யோசனையும் சரியாக நான்கு அட்டைகளில் வருகிறது. எந்த இரண்டு யோசனைகளை எடுத்தாலும் அவை ஒரே ஓர் அட்டையில் மட்டும் நேருக்கு நேர் நிற்கின்றன. ஒவ்வொரு யோசனையும் ஒருமுறை முதல் வரியிலும் ஒருமுறை இரண்டாம் வரியிலும் ஒருமுறை மூன்றாம் வரியிலும் ஒருமுறை நான்காம் வரியிலும் வருகிறது. மேலே இருப்பதையே எடுக்கும் பழக்கம் உள்ளவரால் எந்த யோசனைக்கும் தனிச் சலுகை கிடைக்காது.

ஓர் அட்டையில் கிடைக்கும் தகவலின் அளவும் கவனிக்கத்தக்கது. நான்கு யோசனைகளுக்குள் ஆறு ஜோடிகள் உண்டு. முதலாவது எது என்று சொன்னவுடன் மூன்று ஜோடிகளுக்கு விடை தெரிந்துவிடுகிறது. கடைசி எது என்று சொன்னால் இன்னும் இரண்டு தெரிகின்றன. நடுவில் நிற்கும் இரண்டுக்குள் யார் பெரியவர் என்பது மட்டுமே தெரியாது. ஆக, இரண்டே பதிலில் ஆறில் ஐந்து. பதின்மூன்று அட்டை முடியும்போது மொத்தமுள்ள 78 ஜோடிகளில் 65க்கு ஒருவரே விடை சொல்லியிருப்பார்.

பட்டியலில் பன்னிரண்டுதான் இருக்கிறது என்றால் குழுவில் தள்ளிவைத்த ஒன்றைச் சேர்த்து 13 ஆக்குங்கள். ஏழே யோசனை என்றால் மூன்று மூன்றாக 1, 2, 4 என்று தொடங்கி இதே முறையில் ஏழு அட்டை எழுதலாம். இருபத்தொன்று இருந்தால் ஐந்து ஐந்தாக 1, 2, 5, 15, 17 என்று தொடங்கி 21 அட்டைகள். ஆனால் 21 அட்டையை ஒரே மூச்சில் ஒருவரிடம் கேட்பது அவர் பொறுமையைச் சோதிப்பது. அதைவிடப் பட்டியலைக் கடுமையாக வெட்டி 13க்குக் கொண்டுவருவதே நல்லது என்பது என் எண்ணம்.

அட்டைகளை எல்லோருக்கும் ஒரே வரிசையில் காட்ட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் கட்டைக் கலைத்துக் கொடுங்கள். கடைசி அட்டைகளில் வரும் களைப்பு எல்லா யோசனைகளுக்கும் பங்காகிவிடும்.

யாரிடம், எப்போது கேட்பது

காலையில் சங்கத்துக்கு வருபவர்களிடம் மட்டும் கேட்டால், காலையில் வர முடிந்தவர்களின் விருப்பம்தான் தெரியும். கால்வாயின் தலைமடையில் நிலம் உள்ளவருக்கும் கடைமடையில் இருப்பவருக்கும் தேவைகள் ஒன்றல்ல. நெல் போடுகிறவரும் வாழை போடுகிறவரும் வேறு. குத்தகைக்குப் பயிர் செய்பவர்களும், தம் பெயரில் கணக்கு வைத்திருந்தும் சங்கத்துக்கு அதிகம் வராத பெண் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்து இந்தப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் போதுமான பேரைத் தேடிப் போய்க் கேளுங்கள். தனித்துப் பார்க்க விரும்பும் ஒவ்வொரு பிரிவிலும் இருபது முப்பது பேராவது வேண்டும்.

காலமும் பதிலை மாற்றும். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்து கார் நடவு மும்முரமாக நடக்கும் வாரத்தில் கேட்டால் உரம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அறுவடை நெல் களத்தில் கிடக்கையில் மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் கேட்டால் தார்ப்பாய் மேலே ஏறும். கார் போகம் முடிந்து பிசானப் போகத்துக்கு முந்திய இடைவெளியில் எல்லோரிடமும் ஒரே வாரத்துக்குள் கேட்டு முடிப்பது நல்லது.

கேட்கும் விதம்

படிக்கத் தெரிந்தவருக்குத் தாள் போதும். ஒவ்வோர் அட்டையிலும் நான்கு வரிகள், இடப்பக்கம் “முதலில் வேண்டும்” என்ற கட்டம், வலப்பக்கம் “பொறுக்கலாம்” என்ற கட்டம். வயதானவர்களுக்கும் எழுத்து சிரமமானவர்களுக்கும் நான்கு தனிச் சீட்டுகளைத் திண்ணையில் பரப்பி, ஒவ்வொன்றையும் இரண்டுமுறை வாசித்துக் காட்டிக் கையால் எடுக்கச் சொல்ல வேண்டும். முதலாவதை எடுத்ததும் அதை ஓரமாக வைத்துவிட்டு, மிச்சம் உள்ள மூன்றில் கடைசியைக் கேளுங்கள்.

“எது முக்கியமில்லை?” என்று மட்டும் கேட்கவே கூடாது. அப்படிக் கேட்டால் யாரும் எதையும் காட்ட மாட்டார்கள். “அண்ணாச்சி, இந்த நான்கில் ஒன்றுதான் இந்தப் போகத்துக்குள் நடக்கும் என்றால் எது நடக்க வேண்டும்? எது அடுத்த வருஷம் வரை பொறுக்கும்?” என்று கேட்டால் பதில் வந்துவிடும். “எல்லாம்தான் வேண்டும்” என்று சொல்பவரிடம் வாதாட வேண்டாம். “வேண்டும்தான் ஆச்சி, எல்லாவற்றையும் எழுதித்தான் வைத்திருக்கிறோம். எதில் தொடங்கலாம் என்றுதான் கேட்கிறேன்” என்று சொல்லி அதே சீட்டுகளை மறுபடி வாசியுங்கள்.

சங்கச் செயலாளரோ கடன் கொடுக்கும் அலுவலரோ பக்கத்தில் நின்றால், கடன் மனுவைப் பற்றிய பதில் மாறிவிடும். கேட்பவர் சங்கத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒருவராக, பக்கத்துக் கல்லூரி மாணவராக இருந்தால் நல்லது. அக்கம்பக்கத்தார் சுற்றி நின்று, “அதை எடு, இதை எடு” என்று சொல்லும் இடத்திலும் கேட்காதீர்கள்.

பதிலைக் குறிக்கும்போது “இரண்டாவது வரி” என்று எழுதாமல் யோசனையின் நிலையான எண்ணையே எழுதுங்கள். விரிதாளில் ஏற்றும்போது நடக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி இதிலேயே ஒழிந்துவிடும்.

ஒருவரின் பதில் எப்படி எண்ணாகிறது

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு ஏக்கர் நெல் போடும் ஒரு பெண் உறுப்பினரின் பதில்கள் இப்படி இருப்பதாகக் கொள்வோம். ஒரு யோசனையை முதலாக எடுத்த எண்ணிக்கையிலிருந்து கடைசியாக எடுத்த எண்ணிக்கையைக் கழிப்பதுதான் கணக்கு. 2ஆம் யோசனை, அதாவது பயிர்க்கடன் மனுவுக்குப் பத்து நாளில் முடிவு, 1, 2, 6, 12 ஆகிய அட்டைகளில் வருகிறது. நான்கிலும் அதையே முதலில் எடுத்தார். அதற்கு +4. உர இருப்பு 1, 5, 11, 13ஆம் அட்டைகளில் வருகிறது. முதல் அட்டையில் கடன் முந்திக்கொண்டது, மற்ற மூன்றிலும் உரமே முதல். எங்கும் கடைசியாக எடுக்கவில்லை. அதற்கு +3. நிழலும் பெஞ்சும் வந்த நான்கு அட்டைகளில் மூன்றில் அதைப் பொறுக்கலாம் என்றார். அதற்கு −3. மண் மாதிரி நான்கிலும் கடைசி, −4.

அச்சிட்ட நிலுவைச் சீட்டை ஓர் அட்டையில் முதலாவதாகவும் இன்னோர் அட்டையில் கடைசியாகவும் எடுத்தார். கழித்தால் பூஜ்யம். செல்போன் செய்தியை எங்குமே எடுக்கவில்லை, அதுவும் பூஜ்யம். ஒருவர் அளவில் இந்த இரண்டு பூஜ்யங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கூட்டத்தின் கணக்குக்கு வரும்போது இந்த வேறுபாடுதான் மிகப் பெரிய விஷயமாகிறது. அதைக் கீழே பார்ப்போம்.

ஒருவரின் பதின்மூன்று எண்களையும் கூட்டினால் எப்போதும் பூஜ்யம்தான் வர வேண்டும். எத்தனைமுறை முதல் எடுத்தாரோ அத்தனைமுறை கடைசியும் எடுத்திருப்பார். பூஜ்யம் வரவில்லை என்றால் எங்கோ ஒரு பதில் விடுபட்டிருக்கிறது, அல்லது தப்பாக ஏறியிருக்கிறது.

சிந்திக்காமல் நிரப்பிய தாளைக் கண்டுபிடிக்கவும் இந்த அட்டை ஏற்பாடே வழிகாட்டுகிறது. ஒருவர் எல்லா அட்டையிலும் முதல் வரியை முதலாகவும் நான்காம் வரியைக் கடைசியாகவும் குறித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு யோசனையும் ஒருமுறை முதலாகவும் ஒருமுறை கடைசியாகவும் வந்திருக்கும். எனவே பதின்மூன்றுக்கும் பூஜ்யம்தான் வரும். ஒரு தாளில் எல்லா எண்ணும் பூஜ்யமாகவோ, +1, −1 என்று மட்டுமாகவோ இருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்து அட்டை அட்டையாகப் பாருங்கள். கவனமாகப் பதில் சொன்னவரின் தாளில் +3, −3 போன்ற எண்கள் கட்டாயம் சில இருக்கும்.

எல்லோரையும் சேர்த்தால்

விரிதாளில் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு வரி. A பத்தியில் உறுப்பினர் எண், B பத்தியில் அட்டை எண், C பத்தியில் முதலாவதாக எடுத்த யோசனை, D பத்தியில் கடைசியாக எடுத்தது, E பத்தியில் நெல் அல்லது வாழை. 60 பேர் பதில் சொன்னால் 780 வரிகள். ஒவ்வொரு யோசனையும் 60 பேருக்கும் நான்குமுறை காட்டப்பட்டதால் மொத்தம் 240 முறை. G பத்தியில் G2 தொடங்கி யோசனை எண்களை 1 முதல் 13 வரை எழுதிப் பக்கத்தில் இதைப் போடுங்கள்:

```
=(COUNTIF(C:C,G2)-COUNTIF(D:D,G2))/240
```

வரும் எண் −1க்கும் +1க்கும் இடையில் இருக்கும். கணக்கு புரிவதற்காக ஐந்து யோசனைகளுக்கு மட்டும் எண்களை எடுத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்காக நான் வைத்தவை. உர இருப்பை 148 முறை முதலாகவும் 9 முறை கடைசியாகவும் எடுத்தார்கள் என்றால் அதன் மதிப்பு 139ஐ 240ஆல் வகுத்தால் வரும் 0.58. பயிர்க்கடன் 121 முறை முதல், 22 முறை கடைசி, மதிப்பு 0.41. மண் மாதிரி 12 முறை முதல், 131 முறை கடைசி, மதிப்பு −0.50. மதிப்பெண் படிவத்தில் இவை மூன்றும் நாலரையைச் சுற்றி நின்றிருக்கக்கூடியவை. இங்கே மேலும் கீழுமாக விலகி நிற்கின்றன.

இப்போது நடுவில் பாருங்கள். நிழல், பெஞ்சு, குடிநீருக்கு 21 முறை முதல், 25 முறை கடைசி, மதிப்பு −0.02. தார்ப்பாய்க்கு 88 முறை முதல், 84 முறை கடைசி, மதிப்பு 0.02. இறுதி எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வரிசையில் ஏழாவது எட்டாவது இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். குழு இரண்டையும் “பரவாயில்லை ரகம்” என்று தள்ளிவிடும்.

ஆனால் நிழலைப் பெரும்பாலோர் முதலாகவும் எடுக்கவில்லை, கடைசியாகவும் எடுக்கவில்லை. தார்ப்பாயை எடுத்தவர்கள் வேகமாக எடுத்தார்கள், ஒதுக்கியவர்களும் வேகமாக ஒதுக்கினார்கள். இப்படி முதலும் கடைசியும் இரண்டுமே பெரிய எண்ணாக இருக்கும் யோசனையைக் கண்டால் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும்:

```
=(COUNTIFS(C:C,G2,E:E,"நெல்")-COUNTIFS(D:D,G2,E:E,"நெல்"))/144
```

60 பேரில் 36 பேர் நெல், 24 பேர் வாழை என்று கொள்வோம். நெல் போடுகிறவர்களுக்குத் தார்ப்பாய் 144 முறை காட்டப்பட்டது. 82 முறை முதல், 14 முறை கடைசி, மதிப்பு 0.47. வாழை போடுகிறவர்களுக்கு 96 முறை காட்டப்பட்டது. 6 முறை முதல், 70 முறை கடைசி, மதிப்பு −0.67. வாழைக்காரருக்குத் தார்ப்பாயால் என்ன பயன்? அவர் ஒதுக்கியது நியாயமே. ஆனால் நெல்காரரின் கணக்கில் தார்ப்பாய் பட்டியலின் உச்சியை ஒட்டி நிற்கும் தேவை. மொத்தக் கூட்டலில் அது 0.02 ஆகக் கரைந்துபோனது. வாழை உறுப்பினர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்திருந்தால் அது எதிர்மறையில் போய் யார் கண்ணிலும் படாமல் மறைந்திருக்கும்.

இதனால்தான் இறுதி எண்ணை மட்டும் அறிக்கையில் எழுதக்கூடாது என்று நான் வற்புறுத்துகிறேன். முதலாக எடுத்த எண்ணிக்கை, கடைசியாக எடுத்த எண்ணிக்கை, வித்தியாசம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு பிரிவினரின் கடுமையான தேவையைச் சராசரி விழுங்கிவிடாமல் காப்பது இந்த இரண்டு பத்திகள்தான்.

எவ்வளவு நம்பலாம்

0.58க்கும் 0.41க்கும் உள்ள இடைவெளி உண்மையானதா, வேறு 60 பேரைக் கேட்டிருந்தால் மாறியிருக்குமா? எளிய சோதனை ஒன்று உண்டு. நெல்காரர், வாழைக்காரர் இரண்டு கட்டுகளிலும் சமமாக விழும்படி தாள்களைக் கலைத்து இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கணக்குப் போடுங்கள். இரண்டிலும் உரம் முதல், கடன் இரண்டாவது என்றே வந்தால் அந்த வரிசையை நம்பலாம். ஒரு கட்டில் 6ஆவதாக வந்தது இன்னொரு கட்டில் 8ஆவதாக வந்தால், அந்த இடத்தில் உள்ள யோசனைகளைச் சமம் என்றே எழுதுங்கள். உச்சியும் அடியும் பொதுவாக அசையாது, நடுப்பகுதிதான் இடம் மாறும்.

எண்களின் விகிதத்தைப் படிப்பதும் தவறு. 0.58 என்பது 0.41ஐவிட இத்தனை மடங்கு முக்கியம் என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் தராது. வரிசையையும் இடைவெளி பெரிதா சிறிதா என்பதையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்கள் இதற்குமேல் லாஜிட் மாதிரி, பேயசியன் கணிப்பு போன்ற சிக்கலான புள்ளியியல் கணக்குகளுக்குப் போவது உண்டு. மேலே உள்ளது போன்ற சமமான அட்டை ஏற்பாட்டில் எண்ணிக் கழிப்பதே அவற்றுக்கு மிக நெருக்கமான வரிசையைத் தந்துவிடுகிறது.

முக்கியமான எல்லை ஒன்று இருக்கிறது. இந்த முறை ஒன்றோடு ஒன்றை ஒப்பிட மட்டுமே செய்கிறது. பட்டியலில் உள்ள பதின்மூன்றும் உயிரான தேவைகளாக இருந்தாலும் அவற்றில் ஒன்று −0.50இல் நிற்கும். பதின்மூன்றும் யாருக்கும் வேண்டாதவையாக இருந்தாலும் ஒன்று 0.58இல் நிற்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனது தேவையில்லாதது என்று பொருளில்லை. அதை அறிய, அட்டைகள் முடிந்ததும் பதின்மூன்றையும் ஒரே தாளில் காட்டி, “இவற்றில் எவை நடக்காவிட்டாலும் உங்களுக்குக் குறையே இல்லை?” என்று கேட்டு, எத்தனையை வேண்டுமானாலும் அடிக்கச் சொல்லுங்கள். மண் மாதிரியை 60 பேரில் ஐந்தாறு பேர் மட்டும் அடித்திருந்தால், அது கடைசி இடத்தில் இருந்தாலும் வேண்டிய சேவைதான். நாற்பது பேர் அடித்திருந்தால் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

செலவும் இந்தக் கணக்கில் இல்லை. உறுப்பினர்களிடம் கேட்கும்போது செலவைச் சொல்லாமல் இருப்பதே சரி என்று நினைக்கிறேன். சொன்னால் அவர்கள் சங்கத்தின் கஷ்டத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். வரிசை கிடைத்த பிறகு குழு ஒவ்வொன்றுக்கும் எதிரே செலவை எழுதிக்கொள்ளட்டும். செல்போன் செய்தி நடுவில் நின்றாலும் கிட்டத்தட்டச் செலவில்லாதது. அதை உடனே தொடங்கத் தடையில்லை. பவர் டில்லர் அதற்குமேல் நின்றாலும் வாங்கவும் பழுது பார்க்கவும் ஆள் வைக்கவும் பெரும் பணம் வேண்டும்.

குழுவுக்கு வைக்கும் அறிக்கை இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் பதின்மூன்று யோசனைகளும் மூன்று எண்களோடு வரிசையாக, சமமாக நிற்பவற்றைச் சுற்றி ஒரு கட்டம். இரண்டாம் பக்கத்தில் நெல், வாழை, கடைமடை, பெண் உறுப்பினர்கள் என்று பிரித்த கணக்கில் வரிசை எங்கெங்கே மாறுகிறதோ அவை மட்டும். எந்த மாதத்தில், எந்தெந்த ஊரில், எத்தனை பேரிடம் கேட்டது என்பதை அடியில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி கேட்கும்போது அதே மாதத்தில், அதே சொற்களில் எழுதிய அட்டைகளோடு போனால்தான் இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். நிறைவேறிவிட்ட யோசனைகளுக்குப் பதிலாகப் புதியவற்றைச் சேர்த்தால் மற்ற எல்லா எண்களும் கொஞ்சம் நகரும். ஏனெனில் எதிரில் நிற்பவர்கள் மாறிவிடுகிறார்கள். அப்போது பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிடாமல், இரண்டு ஆண்டும் பட்டியலில் இருந்த யோசனைகள் தங்களுக்குள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதை மட்டும் பாருங்கள்.